போனில் 5ஜி காட்டுது, ஆனா ஓடுறது 4ஜியா? என்எஸ்ஏ, எஸ்ஏ வித்தியாசம் இதுதான்

திரையில் 5ஜி எழுத்து இருக்கும், வீடியோ மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். போன் கோளாறு என்று பலர் கடைக்குப் போகிறார்கள். பல நேரம் காரணம் போன் அல்ல, 5ஜி போடப்பட்ட விதம்.

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1-ம் தேதி தொடங்கியது. அன்றே சென்னை உட்பட 8 நகரங்களில் ஏர்டெல் கொடுத்தது என்எஸ்ஏ, அதாவது தனித்து நிற்காத 5ஜி. அக்டோபர் 5-ல் சோதனையைத் தொடங்கிய ஜியோ கொடுத்தது எஸ்ஏ, தனித்து நிற்கும் 5ஜி.

4ஜி கையைப் பிடித்து நடக்கும் 5ஜி

என்எஸ்ஏவில் போன் முதலில் 4ஜி டவரோடுதான் பேசும். 'இங்கே 5ஜி சிக்னல் இருக்கா, அளந்து சொல்லு' என்று 4ஜி டவர் கேட்கும். இருந்தால் டேட்டாவுக்கு மட்டும் 5ஜியை இரண்டாவது பாதையாகச் சேர்க்கும். கட்டுப்பாடு முழுக்க 4ஜி கையில்தான். இதைத்தான் ஆங்கர், அதாவது நங்கூரம் என்கிறார்கள். 4ஜி அறுந்தால் 5ஜியும் போச்சு. ஏற்கெனவே உள்ள 4ஜி கட்டமைப்பே போதும் என்பதால் செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும்.

எஸ்ஏவில் டவரும் அதன் பின்னால் இருக்கும் மைய நெட்வொர்க்கும் 5ஜிக்கென்றே புதிதாக அமைக்கப்பட்டவை.

முதல் போன்கள் ஏன் அப்படி?

என்எஸ்ஏவுக்கான விதிமுறை 2017 டிசம்பரில் முடிந்தது. எஸ்ஏவுக்கு 2018 ஜூன் ஆனது. முந்தி வந்ததை வைத்துத்தான் முதல் சிப்புகள் செய்யப்பட்டன. 2019-ல் வந்த பல 5ஜி போன்களில் இருந்த குவால்காம் எக்ஸ்50 மோடத்துக்கு என்எஸ்ஏ மட்டுமே தெரியும். 4ஜியை வேறு மோடம் பார்த்துக்கொண்டது. அடுத்து வந்த எக்ஸ்55-க்கு இரண்டும் தெரியும். ஆனாலும் நிறுவனம் சாப்ட்வேர் அப்டேட் கொடுத்து திறந்துவிட வேண்டும். ஐபோன்களுக்கே இந்தியாவில் 5ஜி 2022 டிசம்பரில்தான் கிடைத்தது.

பெரம்பலூர் டு வேப்பந்தட்டை

என்எஸ்ஏ சிம்மோடு பெரம்பலூரில் பஸ் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் தூரம் போகாது. மக்காச்சோளக் காடுகளைத் தாண்டும்போது அந்த சிக்னல் விட்டுப்போகலாம். எழுத்து மட்டும் போகாது. 'என்னால் 5ஜி சேர்க்க முடியும்' என்று 4ஜி டவர் அறிவித்தாலே பல போன்கள் சும்மா இருக்கும்போது 5ஜி என்று காட்டிவிடும். வேப்பந்தட்டையில் இறங்கும்போது திரையில் 5ஜி, உள்ளே 4ஜி.

ஜியோ 2022 ஏலத்தில் வாங்கிய 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை தூரம் போகும், சுவரையும் தாண்டும். ஆனால் அதில் இருப்பது 10 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் என்பதால், அதை மட்டும் பிடித்தால் பெரிய வேகம் எதிர்பார்க்க முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* என்று டயல் செய்து போன் தகவல் பக்கத்தைத் திறக்கலாம். மேலே 5ஜி எழுத்து இருக்க, Data Network Type எதிரே LTE என்று இருந்தால் நீங்கள் 4ஜி நங்கூரத்தில் இருக்கிறீர்கள். NR என்று இருந்தால் அது எஸ்ஏ. சில நிறுவனப் போன்களில் இந்த எண் வேலை செய்யாது.