டெபிட் ஆன பணம் எங்கே இருக்கிறது?

1974 ஜூன் 26. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹெர்ஸ்டாட் என்ற வங்கியின் உரிமத்தை அரசு ரத்து செய்தது. ஜெர்மனியில் அன்றைய வங்கி நேரம் முடிந்திருந்தது. நியூயார்க்கில் அப்போது காலை. ஹெர்ஸ்டாட்டுக்கு மார்க் பணத்தைக் கட்டிவிட்டு, அதற்கு ஈடான டாலர் நியூயார்க்கில் வரும் என்று காத்திருந்த வங்கிகளுக்கு எதுவும் வரவில்லை. கொடுத்தது போனது, வர வேண்டியது வரவேயில்லை.

பெரிய தொகைகளை மொத்தமாகக் கூட்டிக் கழித்துக்கொள்ளாமல், ஒவ்வொன்றாக, அப்போதைக்கு அப்போதே தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் உலகெங்கும் வலுப்பட இந்த மாதிரி அனுபவங்கள்தான் காரணம். இந்தியாவில் அந்த முறை 2004 மார்ச்சில் வந்தது. அதுதான் ஆர்டிஜிஎஸ். அனுப்பும் வங்கி ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கும் கணக்கிலிருந்து முழுத் தொகையும் கழிந்து, பெறும் வங்கியின் கணக்கில் ஏறும். ஏறிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. இன்று குறைந்தபட்சம் 2 லட்சம் ரூபாய் அனுப்ப வேண்டும். ரிசர்வ் வங்கி மேல் வரம்பு எதுவும் வைக்கவில்லை.

சின்னத் தொகை அனுப்புகிறவர்களுக்கு என்ன வழி? 2005 நவம்பரில் நெஃப்ட் வந்தது. இது பஸ் மாதிரி. வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு குறித்த நேரத்தில் கிளம்பும். ஒரு வங்கி இன்னொன்றுக்கு 10 கோடி தர வேண்டும், அதனிடமிருந்து 9 கோடி வர வேண்டும் என்றால், 1 கோடி மட்டும் கைமாறினால் போதும். ரிசர்வ் வங்கி இதற்குத் தொகை வரம்பு வைக்கவில்லை. ஆனால் வங்கிகள் தங்கள் செயலியில் ஒரு வரம்பு வைத்திருக்கும். பல வருடம் இந்த பஸ் வேலை நாட்களில் மட்டும்தான் ஓடியது. 2018 ஆகஸ்ட் 10, வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு அனுப்பியிருந்தால், மறுநாள் இரண்டாம் சனி, அதற்கு மறுநாள் ஞாயிறு. திங்கள் காலைதான் கிளம்பியிருக்கும். 2019 டிசம்பரில் அது மாறியது. இப்போது விடுமுறை நாளிலும் அரை மணிக்கு ஒன்று, நாளுக்கு 48.

மூன்றாவது, 2010 நவம்பரில் வந்த ஐஎம்பிஎஸ். போனில் அனுப்பினால் சில நொடியில் எதிராளி கணக்கில் வரவு. 2 லட்சமாக இருந்த வரம்பை 2021 அக்டோபரில் 5 லட்சமாக உயர்த்துவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எதிராளிக்குப் பணம் வந்த அந்த நொடியில் வங்கிகளுக்கு இடையே பணம் நகர்ந்திருக்காது. பெறும் வங்கி முந்திக்கொண்டு வரவு வைத்துவிடுகிறது. வங்கிகள் தங்களுக்குள் நிகரக் கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்கின்றன, அதுவும் ஆர்டிஜிஎஸ் வழியாக. ஆக, இந்த இரண்டிலும் யாரோ ஒருவர் காத்திருக்கிறார். ஐஎம்பிஎஸ்ஸில் அது வங்கி. நெஃப்ட்டில் அது நாம்.

இந்த வித்தியாசம் எங்கே கடிக்கும் என்று பார்ப்போம். 2023 ஆகஸ்ட் 16, காலை 11:05. பத்திரப் பதிவு அலுவலகத்தில் மனை வாங்குகிறவர் 8 லட்சம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்கிறவர் பணம் வந்தால்தான் கையெழுத்து என்கிறார். ஐஎம்பிஎஸ் என்றால் ஒரே தடவையில் முடியாது, இரண்டாகப் பிரிக்க வேண்டும். புதிதாகச் சேர்த்த கணக்கு என்றால் வங்கி அதற்கும் இடம் தராமல் போகலாம். நெஃப்ட் என்றால் 11:30 தொகுப்பில் போகும். அது தீர்ந்த பின் வரவு வைக்கப் பெறும் வங்கிக்கு 2 மணி நேரம் உண்டு. ஆர்டிஜிஎஸ் என்றால், தகவல் வந்து சேர்ந்த அரை மணிக்குள் வரவு வைத்தாக வேண்டும்.

ஆனால் மூன்றிலும் வாங்குகிறவரின் ஸ்டேட்மென்ட்டில் 11:05-க்கே கழிந்துவிட்டதாகத்தான் காட்டும். அதைக் காட்டி "பணம் போயிடுச்சு சார், கையெழுத்து போடுங்க" என்றால் விற்கிறவர் நம்பக் கூடாது. போனது உண்மை, வந்தது இன்னும் நடக்கவில்லை. பார்க்க வேண்டியது விற்கிறவர் கணக்கின் வரவை. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும், வரவானதும் அனுப்பியவருக்கும் இரண்டாவதாக ஒரு செய்தி வரும். எந்த வழியில் போனது என்பதை அந்த வரியிலுள்ள எண்ணே சொல்லும்:

```
RTGS  XXXXR52023081600004321
IMPS  322811004321
```

முதலாவதில் 22 எழுத்துகள்: வங்கியின் நான்கு எழுத்து, ஆர்டிஜிஎஸ்ஸுக்கு R, ஒரு இலக்கம், தேதி, வரிசை எண். இரண்டாவதில் 12 இலக்கங்கள்: பொதுவாக முதல் 3 என்பது 2023-இன் கடைசி இலக்கம், 228 என்பது வருடத்தின் 228-ஆவது நாள், அதாவது ஆகஸ்ட் 16. நெஃப்ட் எண் 16 எழுத்து.

பணம் வழியில் நின்றுவிட்டால் இந்த எண்தான் பிடி. கணக்கு எண் தப்பாகி நெஃப்ட்டில் வரவு வைக்க முடியாமல் போனால், தொகுப்பு தீர்ந்த 2 மணி நேரத்துக்குள் பெறும் வங்கி திருப்பி அனுப்ப வேண்டும். தாமதித்தால் ரெப்போ விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி. ஐஎம்பிஎஸ்ஸில் கழிந்தும் வரவாகாத பணம் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கேட்கப் போகும்போது ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் காட்டாதீர்கள். எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.