கோவையில் 103... ஊட்டியில் 97! கொய்யா ஜாமை எப்போ இறக்கணும்? பூஞ்சை பிடிக்காம வைப்பது எப்படி?

பழனி பக்கத்து ஆயக்குடியிலிருந்து வரும் கொய்யாவை மலிவா கிடைக்குதேன்னு வாங்கி ஜாம் போடும் பலருக்கும் ரெண்டே பிரச்சினைதான். ஒன்று, தண்ணியா ஓடும். இல்லையென்றால் மிட்டாய் மாதிரி இறுகிவிடும். இரண்டுக்கும் காரணம், அடுப்பை அணைக்கும் நேரம் தப்பியதுதான்.

எலுமிச்சை எதற்கு?

ஜாமைக் கெட்டியாக்குவது பழத்திலுள்ள பெக்டின். அதன் இழைகள் ஒன்றோடொன்று சேர புளிப்பு வேண்டும், சர்க்கரையும் வேண்டும். நன்றாகக் கனிந்த கொய்யாவில் புளிப்பு குறைவு. அதனால் நாலு பழத்துக்கு ஒன்று செங்காயாக இருப்பது நல்லது. கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்து, விதை போக சல்லடையில் தேய்த்தெடுத்த 1 கிலோ கூழுக்கு 750 கிராம் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு போதும்.

பதம் பார்ப்பது எப்படி?

சமையல் குறிப்புகளில் 105 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருக்கும். அது கடற்கரை ஊர்க் கணக்கு. தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட சுமார் 4.5 முதல் 5 டிகிரி கூடும்போது ஜாம் பதத்துக்கு வரும். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலுள்ள கோவையில் தண்ணீர் 98.5 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அப்போ 103 தாண்டியதுமே உஷாராகணும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் இது சுமார் 97தான். அங்கே 105 வரும்வரை காத்திருந்தால் அடிபிடித்த பாகுதான் மிஞ்சும்.

தெர்மாமீட்டர் இல்லையா? சில்லென்ற எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்க. மேலே சுருக்கம் விழுந்தால் பதம். இந்த ஒரு நிமிடமும் அடுப்பை அணைத்து வைப்பது முக்கியம், பலர் கோட்டை விடுவது இங்கேதான். எடை போட்டும் பார்க்கலாம். மேலே சொன்ன அளவுக்கு ஜாம் சுமார் 1.25 கிலோவாகச் சுண்டியிருக்கணும். அப்போது கரைந்த சர்க்கரைச் சத்து 68 சதவீதம் வாக்கில் இருக்கும். கடையில் விற்கும் ஜாமுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் கேட்பது குறைந்தது 65 சதவீதம்.

பாட்டில் விஷயம்

இட்லிப் பானையில் துணி விரித்து, கழுவிய கண்ணாடி பாட்டில்களை மூழ்குமளவு தண்ணீரில் வைத்து, கொதி வந்த பின் 10 நிமிடம் விடணும். ஊட்டி, குன்னூர் என்றால் 15 நிமிடத்துக்கு மேல். எடுத்து, சுத்தமான துணியில் கவிழ்த்து ஈரம் வடிய விட்டு, பாட்டில் சூடாக இருக்கும்போதே சூடான ஜாமை ஊற்றுங்க. ஆறின பாட்டிலில் ஊற்றினால் விரிசல் விடும். மேலே அரை சென்டிமீட்டர் இடம் விட்டு, வாய் விளிம்பைத் துடைத்து மூடி, அதே பானையில் இன்னொரு 10 நிமிடம் கொதிக்க வைத்தால் நாள் தாங்கும். மூடியின் உள்ளிருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் அந்த மூடி வேண்டாம்.

திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கட்டும், ஈரக் கரண்டி போடாதீங்க. மேலே பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது. முழு பாட்டிலையும் கொட்டிவிட வேண்டியதுதான்.