ஆடித் தள்ளுபடி மடலுக்கு ஓர் உரை

தி.நகரில் ஒரு துணிக்கடை, ஆடித் தள்ளுபடிக்காக வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ஒன்று வாங்கினால் ஒன்று ஃப்ரீ’ என்பது அதன் தலைப்பு. பெறும் சர்வரில் ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டி இருந்தால், மடலின் தலைக்குறிப்பில் இப்படி ஒரு பதிவு விழலாம்:

```
X-Spam-Status: Yes, score=6.6 required=5.0
 tests=BAYES_50=0.8,HTML_MESSAGE=0.001,
 RDNS_NONE=0.793,RCVD_IN_PBL=3.335,
 URIBL_BLACK=1.7
```

score, required: ஒவ்வொரு விதியும் தன் பங்குக்கு மதிப்பெண் போடுகிறது. கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் மடல் ஸ்பேம். இங்கே 6.6.

BAYES_50: மடலின் சொற்களை எடைபோடும் விதி இது ஒன்றுதான். முன்பு வந்த நல்ல மடல்களிலும் ஸ்பேமிலும் எந்தச் சொல் எவ்வளவு வந்தது என்று கணக்கு வைத்துக்கொண்டு, இந்த மடல் ஸ்பேமாக இருக்கும் வாய்ப்பைச் சொல்கிறது. 50 என்றால் பாதிக்குப் பாதி. தீர்மானிக்க முடியவில்லை என்று பொருள். முடியாதுதான். மயிலாப்பூர் சபாவின் மார்கழி அறிவிப்பிலும் ‘அனுமதி இலவசம்’ உண்டு, அடையாறு கண் பரிசோதனை முகாம் அறிவிப்பிலும் ‘இலவசம்’ உண்டு. ஸ்பேம் அனுப்புகிறவனோ அந்தச் சொல்லை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவான்.

HTML_MESSAGE: படமும் வண்ணமும் கொண்ட மடல் என்ற குறிப்பு மட்டுமே.

RDNS_NONE, RCVD_IN_PBL: மடலைக் கவிழ்த்தவை இவை. கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னாலுள்ள கணினியிலிருந்து, பிராட்பேண்ட் இணைப்பு வழியாக நேரடியாக அனுப்பியிருக்கிறார். அந்த ஐபி எண்ணுக்குப் பெயர்ப்பதிவு இல்லை. ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலிலும் அது இருக்கிறது. இந்தப் பட்டியலில் இருப்பதால் அந்த எண் குற்றம் செய்தது என்று ஆகாது. நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத சாதாரண பிராட்பேண்ட் இணைப்பு எண்களின் பட்டியல் அது. வைரஸ் பிடித்த கணினிகள் இத்தகைய இணைப்புகளிலிருந்தே ஸ்பேமைக் கொட்டுவதால்தான் இத்தனை மதிப்பெண்.

URIBL_BLACK: மடலில் உள்ள சுட்டியின் டொமைன் கெட்ட பெயர் எடுத்தது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் இலவசச் சுட்டிச்சுருக்கியைப் போட்டால் இப்படி நேரலாம். இந்த 1.7 இல்லாவிட்டால் மடல் 4.9-இல் தப்பியிருக்கும்.

அதே மடலை, சுட்டியைத் தவிர ஓர் எழுத்தும் மாற்றாமல், முறையான மெயில் சேவை வழியாக, கடையின் சொந்த டொமைனில், சொந்தச் சுட்டியுடன் அனுப்பினால் கடைசி மூன்று விதிகளும் மறையும். மதிப்பெண் 0.8-க்கு இறங்கும். ‘ஃப்ரீ’ அப்படியே இருக்கும்.

எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனைகளில் தேறினால் போதுமா என்றால், போதாது. அனுப்பியது இன்னார்தான் என்பதையே அவை உறுதிசெய்கின்றன. ஸ்பேமரும் அவற்றில் தேற முடியும். அந்தப் பெயர் நல்லதா என்பதைப் பெறுகிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். ஒரு நாளில் 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு ஜிமெயில் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளின்படி, ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரம் பேரில் மூவர் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்தினாலே அந்த எல்லை வந்துவிடும். விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு அனுப்பும் கடை அதை முதல் நாளிலேயே தாண்டிவிடக்கூடும். பிறகு பழைய வாடிக்கையாளருக்குப் போகும் மடலும் ஸ்பேமில் விழும். பில் போடும்போது கேட்டு வாங்கிய முகவரிகளுக்கு மட்டும் அனுப்பத் தொடங்கி, எண்ணிக்கையை மெல்லக் கூட்டுவதுதான் புது டொமைனுக்கு வழி.