சங்கிலி விதிப் பிழைகள்: முக்கோணவியலும் அடுக்குக்குறியும் கலந்த சார்புகளில்

சங்கிலி விதி என்பது ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு அமர்ந்திருக்கும்போது வகைக்கெழு காண உதவும் விதி. y = f(u), u = g(x) எனில் dy/dx = f′(g(x)) · g′(x). வாய்ச்சொல்லில் சொன்னால், வெளிச்சார்பை வகையிட வேண்டும், அப்போது உள்ளே இருப்பதைத் தொடக்கூடாது, பிறகு உள்ளே இருப்பதன் வகைக்கெழுவால் பெருக்க வேண்டும். உள்ளே இருப்பதும் சேர்ப்புச் சார்பாக இருந்தால் இதே வேலை இன்னொரு முறை நடக்கும்.

விதி எளிது. ஆனால் சைன், கொசைன், e ஆகியவை மூன்று அடுக்காகச் சேரும்போது நன்றாகப் படிக்கும் மாணவரும் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. e^u-ஐ வகையிட்டால் அதே e^u தான் வருகிறது. ஒரு படி முடிந்த அடையாளம் தாளில் தெரிவதில்லை. அதனால் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது கை எழுதும்போதே மறந்துபோகிறது. சைனும் கொசைனும் ஒன்று மற்றொன்றாக மாறுபவை. தவறான விடையும் சரியான விடையின் சாயலில்தான் இருக்கும். பல்லுறுப்புக் கோவையில் அடுக்கு குறைவதைப் பார்த்துப் பிழையைப் பிடித்துவிடலாம். இங்கே அந்த வசதி இல்லை.

ஒரு சார்பு, நான்கு தவறான விடைகள்

f(x) = e^(sin²3x) என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து உள்ளே போனால் முதலில் e-யின் அடுக்கு, பிறகு வர்க்கம், பிறகு சைன், கடைசியில் 3x. நான்கு அடுக்குகள், ஆகவே நான்கு காரணிகள்:

f′(x) = e^(sin²3x) · 2 sin 3x · cos 3x · 3

2 sin 3x cos 3x = sin 6x என்பதால் இது f′(x) = 3 sin 6x · e^(sin²3x) என்று சுருங்கும். இரண்டு வடிவமும் ஒன்றே. புத்தகத்தின் பின்பக்க விடை இரண்டாவது வடிவில் இருந்து, தன் விடை முதல் வடிவில் வந்ததால் சரியான விடையை அடித்துவிடுபவர்கள் உண்டு.

இனித் தவறுகள். மிகவும் பரவலானது, கடைசி அடுக்கை விட்டுவிடுவது: sin 6x · e^(sin²3x). சைனை வகையிட்டுக் கொசைன் வந்ததும் வேலை முடிந்ததாகத் தோன்றிவிடுகிறது. உள்ளே 3x இருப்பது கண்ணில் படுவதில்லை. இரண்டாவது, நடு அடுக்கைத் தாண்டுவது: e^(sin²3x) · 2 sin 3x · 3. வர்க்கத்தை வகையிட்டவர் சைனை வகையிடாமல் நேரே 3x-க்குப் போய்விட்டார். மூன்றாவது, e^u-க்கு x^n விதியைப் பயன்படுத்தி அடுக்கை முன்னே இறக்குவது: sin²3x · e^(sin²3x − 1). நான்காவது, உள்வகைக்கெழுவை வெளியே பெருக்காமல் உள்ளேயே மாற்றி எழுதுவது: e^(3 sin 6x). sin 3x-இன் வகைக்கெழு cos 3 என்று எழுதுவதும் இந்த நான்காம் வகையின் தம்பிதான்.

கணிப்பானும் விகிதமும்

விடையைச் சரிபார்க்க மறுபடி அதே வழியில் வகையிடுவதால் பயனில்லை. முதல் முறை கண்ணில் படாத அடுக்கு இரண்டாம் முறையும் படாது. வகையிடாமலே சாய்வைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். அதற்கு மைய வேறுபாடு போதும்:

f′(x) ≈ [f(x + h) − f(x − h)] / 2h

x = 0.2, h = 0.01 என்று வைப்போம். f(0.21) = 1.41495, f(0.19) = 1.33804. வேறுபாட்டை 0.02-ஆல் வகுத்தால் 3.8455. சரியான சூத்திரம் 3 sin 1.2 · e^(sin²0.6) தருவது 3.8461. இரண்டு தசம இடம் வரை பொருந்துவதே இங்கே போதுமானது. ஒரு பக்கம் மட்டும் நகர்ந்து [f(0.21) − f(0.2)] / 0.01 என்று எடுத்திருந்தால் 3.944 வந்திருக்கும், சரியான விடையையே சந்தேகிக்க வேண்டியிருக்கும். இருபுறமும் சமமாக நகர்வதன் பயன் அது.

தவறான விடைகளுக்கு அதே புள்ளியில் என்ன வருகிறது? கடைசி 3-ஐ விட்டவருக்கு 1.2820. கொசைனை விட்டவருக்கு 4.6600. அடுக்கை இறக்கியவருக்கு 0.1613. உள்ளேயே மாற்றியவருக்கு 16.38. நான்கும் பிடிபட்டுவிட்டன. ஆனால் பிழை இருக்கிறது என்று தெரிவதோடு நிற்காமல், எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் இந்த எண்களிடமிருந்து வாங்கலாம். கணிப்பான் தந்த சாய்வைத் தன் விடையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். சங்கிலி விதியின் விடை ஒரு பெருக்கல் என்பதால், விடுபட்ட காரணி இந்த விகிதமாக வெளியே வந்து நிற்கும்.

முதல் விடைக்கு 3.8455 / 1.2820, ஏறத்தாழ 3. விடுபட்டது அந்த 3 தான். இரண்டாவதற்கு 3.8455 / 4.6600 = 0.825. இது எந்த எண் என்று உடனே தெரியாமல் போகலாம். அப்போது இன்னொரு புள்ளியில் விகிதம் எடுக்க வேண்டும். x = 0.5-இல் உண்மையான சாய்வு 1.145, கொசைனை விட்டவருக்கு வருவது 16.19; விகிதம் 0.071. புள்ளி மாறியதும் விகிதமும் மாறியதால், விடுபட்டது மாறிலி அல்ல, ஒரு சார்பு. 0.825 என்பது cos 0.6, 0.071 என்பது cos 1.5, அதாவது விடுபட்டது cos 3x. முதல் விடைக்கோ இரண்டு புள்ளியிலும் விகிதம் 3-ஆகவே இருக்கும்.

விகிதம் −1 வந்தால் குறி தவறியிருக்கிறது, பெரும்பாலும் கொசைனின் வகைக்கெழுவில். இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. சங்கிலி விதியின் முதல் பயன்பாடாகக் கருதப்படுவது 1676-இல் லைப்னிட்ஸ் எழுதிய குறிப்பு. அதில் √(a + bz + cz²)-ஐ வகையிடும்போது அவரே ஒரு குறியைத் தவறவிட்டிருக்கிறார். விகிதம் 0.693 வந்தால் அது ln 2: 2^(cos 5x) போன்ற சார்பில் அடிமானம் e அல்ல என்பதை மறந்ததன் அடையாளம். விகிதம் 0.01745 வந்தால் பிழை தாளில் இல்லை. அது π/180, கணிப்பான் ரேடியனில் இல்லாமல் பாகையில் நிற்கிறது. சைனின் வகைக்கெழு கொசைன் என்பதே கோணம் ரேடியனில் இருந்தால்தான் உண்மை.

h-ஐ மிகச் சிறியதாக எடுத்தால் விடை இன்னும் துல்லியமாகும் என்று நினைப்பது இயல்பு. பத்து இலக்கம் வைத்திருக்கும் கணிப்பானில் h = 0.000000001 என்று போட்டால், கழிக்கும் இரண்டு எண்களும் கடைசி இலக்கம் வரை ஏறத்தாழ ஒன்றாகிவிடும்; மிஞ்சும் ஓர் இலக்கத்திலும் முழுமையாக்கலில் வந்த பிழை கலந்துவிடும். 0.01 அல்லது 0.001 போதும்.

x = 0 ஏன் மோசமான சாட்சி

கணக்கு எளிது என்பதால் பலர் x = 0-இல் சரிபார்ப்பார்கள். மேலே கண்ட சார்புக்கு அங்கே உண்மையான சாய்வு 0. முதல் மூன்று தவறான விடைகளும் அங்கே 0 தான்! sin 0 எல்லாப் பிழையையும் மூடிவிடுகிறது. நான்காவது மட்டும் 1 என்று வந்து மாட்டிக்கொள்கிறது. சைன், கொசைன் பூச்சியமாகும் இடங்களையும், மடக்கை இருந்தால் x = 1-ஐயும் தவிர்த்து, 0.2 போல அழகில்லாத ஓர் எண்ணை எடுப்பதே நல்லது.

கணிப்பான் இல்லாதபோது

தேர்வறையில் கணிப்பான் இல்லையென்றால் சார்பின் உருவத்தையே கேள்வி கேட்கலாம். e^(sin²3x)-இல் x-க்குப் பதில் −x போட்டால் மதிப்பு மாறாது; அது இரட்டைச் சார்பு. ஆகவே அதன் வகைக்கெழு ஒற்றைச் சார்பாகத்தான் இருக்க முடியும். அடுக்கை இறக்கியவரின் விடை இரட்டைச் சார்பு, அங்கேயே விழுந்துவிடுகிறது. அடுத்து, f ஒரு காலமுறைச் சார்பு, π/3 தூரத்துக்கு ஒருமுறை பழைய மதிப்புக்குத் திரும்புகிறது. திரும்பி வரும் சார்பு எப்போதும் ஏறிக்கொண்டே இருக்க முடியாது. e^(3 sin 6x) எங்கும் மிகை எண், அதனால் அது வகைக்கெழு அல்ல. கொசைனை விட்டவரின் விடை ஒற்றைச் சார்புச் சோதனையில் தப்பிவிடும். ஆனால் x = π/6-இல் sin 3x = 1, f தன் உச்ச மதிப்பான e-யைத் தொடுகிறது; உச்சத்தில் சாய்வு 0 ஆக வேண்டும். அவருடைய விடையோ அங்கே 6e.

கடைசி 3-ஐ விட்டவரை மட்டும் இந்தச் சோதனைகள் எதுவும் பிடிக்காது. மாறிலி விடுபட்டால் உருவம் கெடுவதில்லை. அவருக்கு வேறு வழியில் போய்ப் பார்ப்பதே மருந்து: ln f = sin²3x = (1 − cos 6x)/2. இருபுறமும் வகையிட்டால் f′/f = 3 sin 6x. வர்க்கம் என்ற அடுக்கே மறைந்துவிட்டதால் தவறவும் வாய்ப்புக் குறைவு.

விகிதம் உதவாத இடம்

x^(sin x) போன்ற சார்பில் அடிமானத்திலும் அடுக்கிலும் x இருக்கிறது. சிலர் x^n விதியைப் போட்டு sin x · x^(sin x − 1) என்பார்கள். சிலர் a^u விதியைப் போட்டு x^(sin x) · ln x · cos x என்பார்கள். இரண்டும் தனித்தனியே தவறு, இரண்டின் கூட்டல் சரி. இங்கே விடுபடுவது காரணி அல்ல, ஓர் உறுப்பு; ஆகவே வகுக்காமல் கழித்துப் பார்க்க வேண்டும். x = 2-இல் உண்மையான சாய்வு 0.3121, முதல் வகை விடை 0.8539. வேறுபாடு −0.5418, அது இரண்டாம் உறுப்பின் மதிப்பு. x = 1-இல் பார்த்திருந்தால் ln 1 = 0 என்பதால் வேறுபாடே தெரிந்திருக்காது.

எண் சோதனை வகையிடலைத்தான் சரிபார்க்கிறது, கேள்வியைப் படித்த விதத்தை அல்ல. sin²3x என்பதை sin(9x²) என்று படித்தவர், கணிப்பானிலும் அப்படியே தட்டினால், தவறான சார்புக்குச் சரியான வகைக்கெழு கிடைத்து எல்லாம் பொருந்திவிடும். f(0.2) அவருக்கு 1.4223, உண்மையில் 1.3755. ஆகவே வகையிடும் முன் சார்பை (sin(3x))² என்று அடைப்புக்குறி போட்டு ஒருமுறை எழுதிக்கொள்ளுங்கள்.