யார் பேச்சை யார் திருத்துவது?



1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். விலை ஒரு பைசா; நடையோ பண்டிதத் தமிழ். இலக்கணமும் இலக்கியமும் எங்களுக்கும் உரியவை என்ற உரிமைக்குரல் அந்த நடையிலேயே இருந்தது. 85 ஆண்டுகள் கழித்து, 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. உரையாடலில் மட்டும் பேச்சுத்தமிழ், கதை சொல்வதில் எழுத்துத்தமிழ் என்ற பழைய ஏற்பாட்டை அது உடைத்தது. கதைசொல்லியே ஊர்ப்பேச்சில் சொன்னார். இரண்டுமே விடுதலைக்கான நடைகள்தான். எனவே எது உயர்ந்தது என்பதல்ல கேள்வி. ஒரு கட்டுரையைத் திருத்தும் கை எதைச் செய்கிறது என்பதே கேள்வி.

சுடுகாட்டுப் பாதை பற்றிய கட்டுரை ஒன்று நம் மேசைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். அதில் ஊர்ப்பெண், “பொணத்தத் தூக்கிக்கிட்டு வயலுக்குள்ளதான் எறங்கணும்” என்கிறார். அதிகாரி, “உரிய நடவடிக்கை எடுக்கப்படும்” என்கிறார். அதிகாரி உண்மையில் அப்படியா பேசியிருப்பார்? “பாத்து செய்றோம்மா” என்றுதான் சொல்லியிருப்பார். எழுதியவர் அவர் பேச்சை மட்டும் எழுத்துத்தமிழாக்கிவிட்டார். படிப்பவர் மனத்தில் ஒருவர் படித்தவராகவும் மற்றவர் படிக்காதவராகவும் பதிகிறார்கள். இதற்குத் தீர்வு எளிது: இருவர் பேச்சையும் பேசியபடியே விடுங்கள், அல்லது இருவர் பேச்சையும் மாற்றுங்கள்.

மாற்றும்போது இன்னொரு குழி உண்டு. “எங்க அம்மா சொல்லுச்சு” என்பதில் இருப்பது அவமரியாதை அல்ல, பாசம். அதை “அம்மா சொன்னது” என்று எழுதினால் அந்தப் பாசம் போய்விடுகிறது, அம்மா அஃறிணையாகிவிடுகிறார். “சொன்னாள்” என்று எழுதினால், அடுத்த வரியில் பண்ணையார் “சொன்னார்” என்று வரும்போது சாதி உள்ளே நுழைந்துவிடுகிறது. கட்டுரையாளரின் சொந்த வாக்கியத்தில் “சொன்னார்” என்றே போடுங்கள். மேற்கோளுக்குள் “சொல்லுச்சு” இருக்கட்டும்.

பொது வாசகருக்காக எழுத்துக்கூட்டலிலும் அளவு வேண்டும். ‘எறங்கணும்’, ‘பொணம்’ போன்றவை எந்த மாவட்டத்தாருக்கும் புரியும். ஆனால் ஒவ்வொரு மூக்கொலியையும் எழுத்தில் கொண்டுவர முயன்றால், வாசகர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டு எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தொடங்குவார். வட்டாரச் சொல்லைக் காப்பாற்றுங்கள். ஒலியை ஓரளவு விட்டுக்கொடுக்கலாம். “அவர்கள் வந்துட்டார்கள்” போன்ற கலப்பை மட்டும் விடாதீர்கள். ‘அவங்க வந்துட்டாங்க’ அல்லது ‘அவர்கள் வந்துவிட்டார்கள்’, இரண்டில் ஒன்று.

திருத்தி முடித்ததும் கட்டுரையில் உள்ள ‘ஆர்’ விகுதிகளை மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவை யார் பெயரோடு வருகின்றன, யார் பெயரோடு வரவில்லை என்பது தெரியும். அந்தக் கணக்கு சரியான பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.