யேனா நகருக்கு வந்த கடிதம்

1902ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், பெர்ட்ரண்டு ரஸ்ஸல் என்னும் ஆங்கில அறிஞர், ஜெர்மனியிலுள்ள யேனா நகரத்துப் பேராசிரியர் பிரெகேக்கு ஒரு கடிதம் வரைந்தார். எண்கணிதம் முழுவதையும் தருக்கத்தின்மீதே எழுப்பிக் காட்ட முயன்றவர் பிரெகே. அவருடைய பெருநூலின் முதற்பகுதி 1893இல் வெளிவந்துவிட்டது; இரண்டாம் பகுதி அப்போது அச்சில் இருந்தது. கடிதத்தில் பாராட்டுரை நிறைய உண்டு. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இடர்ப்பாடு தோன்றுவதாக ரஸ்ஸல் பணிவுடன் குறித்திருந்தார். அவ்வோரிடம்தான் அடித்தளம்!

அவ்விடர்ப்பாடு யாது? ஒரு பண்பைத் தெளிவாகச் சொல்லிவிட்டால், அப்பண்புடைய பொருள்கள் யாவும் அடங்கிய கணம் ஒன்று உண்டு என்பது பிரெகேயின் விதியினின்று பெறப்படும் முடிபு. கண்டாச்சிபுரத்துப் பனைமரங்கள் யாவும் சேர்ந்தது ஒரு கணம். அக்கணம் ஒரு பனைமரம் அன்று. ஆகவே அது தன்னுள் தான் அடங்காது. இனி, பனைமரம் அல்லாத பொருள்கள் அனைத்தின் கணத்தை நோக்குங்கள். அக்கணமும் பனைமரம் அன்று. ஆகவே அது தனக்கே ஓர் உறுப்பாகிவிடுகிறது.

இப்போது, தமக்குத் தாமே உறுப்பாகாத கணங்களை மட்டும் ஒன்று திரட்டுவோம். இத்திரட்டு தனக்கு உறுப்பாகுமா? ஆகும் என்றால், தமக்கு உறுப்பாகாதவையே இதில் இடம்பெறும் ஆதலின், இது உறுப்பாகாது. ஆகாது என்றால், நுழைவதற்குரிய தகுதி வந்துவிடுகிறது, ஆகவே உறுப்பாகும். இருபுறமும் முரண்பாடே.

இதனை வெறும் சொல்விளையாட்டு என்று தள்ளிவிடலாகாதோ? நூலகம் ஒன்றில், தம் பெயரைத் தம்முள் குறிக்காத பட்டியல்களை எல்லாம், அவற்றை மட்டுமே, குறிக்கும் பட்டியல் ஒன்று எழுதச் சொன்னால், அத்தகைய பட்டியல் இருக்க முடியாது என்று கூறி நாம் அமைதியுறலாம். பிரெகே அவ்வாறு கூற இயலாது. அவருடைய விதியே அக்கணம் உண்டு என்று வற்புறுத்துகிறது. ஆறே நாட்களில், ஜூன் 22ஆம் நாள், தம் கலக்கத்தை மறையாது மறுமொழி எழுதினார் அப்பெரியார். 1903இல் வெளியான இரண்டாம் பகுதியின் இறுதியில் பின்னுரை ஒன்று சேர்த்து, முரண்பாட்டைத் தாமே அறிவித்தார். அதில் அவர் சொன்ன திருத்தமும் போதாதது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

1908இல் செர்மலோ என்னும் ஜெர்மன் கணித அறிஞர் வேறொரு வழி வகுத்தார். (இம்முரண்பாட்டை இவரும் தாமாகவே கண்டிருந்தவர்.) பண்பு மட்டும் கணத்தை உண்டாக்காது, முன்பே உள்ள ஒரு கணத்திலிருந்து, பண்புடைய உறுப்புகளைப் பிரித்தெடுக்கவே நமக்கு உரிமை உண்டு என்றார். பனைமரக் கணத்திலிருந்து, தமக்குத் தாமே உறுப்பாகாதவற்றைப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பனையும் தனக்கு உறுப்பன்று. எனவே எல்லாப் பனைகளும் வருகின்றன. பிரித்தெடுத்த கணம் பனைமரம் அன்று; மூலக் கணத்தினுள் அஃது இல்லை. உள்ளே இல்லாதபோது, தகுதி இருந்தும் நுழைவு இல்லை. முரண்பாடும் இல்லை!

எந்தக் கணத்தை எடுத்துக்கொண்டாலும் இவ்வாறே பிரித்தெடுத்தது அதற்கு வெளியே நிற்கும். அதனால், எல்லாவற்றையும் தன்னுள் அடக்கிய கணம் என ஒன்று செர்மலோவின் முறையில் இல்லை.