ஹோஸ்ட் கிளம்பினால் நமக்கு ஏன் லைன் கட் ஆகுது?

2009இல் வந்த 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' ஆட்டங்களை நடத்தத் தனி சர்வர் கிடையாது. விளையாடுபவர்களில் ஒருவரின் கருவிதான் ஹோஸ்ட். சுட்டது யாருக்குப் பட்டது என்பதை அதுதான் முடிவு செய்யும். மற்றவர்கள் அதோடு இணைந்திருப்பார்கள்.

தோற்கிற கோபத்தில் அவர் கேமை மூடிட்டா, எல்லா இணைப்பும் அறுந்துவிடும். மீதமுள்ளவர்களில் ஒருவர் புது ஹோஸ்ட் ஆவார். எல்லாரும் அவரோடு மறுபடி இணையணும். சிக்கல் இங்கேதான். உங்க வீட்டு ரௌட்டர் பழைய ஹோஸ்ட்டுக்குத்தான் வழி விட்டிருந்தது. புதியவரைத் தெரியாத ஆள் என்று தடுக்கலாம். இருவர் திரையிலும் NAT வகை Strict என்று இருந்தால், இணைவது ரொம்பக் கஷ்டம். நேரம் முடிந்ததும் நீங்க வெளியே, ஆட்டம் தொடரும்.

தனி சர்வரில் யார் கிளம்பினாலும் உங்க இணைப்பு மாறாது. என்ன, சர்வர் தொலைவில் இருந்தால் பிங் ஏறும்.